ஐந்து வருட வெண்டர் ஒப்பந்தம், பத்து நிமிடம், ஒரே பக்கம்

கேள்வி: "மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். லேபுக்கு ரத்தப் பரிசோதனை மெஷின் ஒன்றை ஐந்து வருட ஒப்பந்தத்தில் தருகிறார்கள். மெஷினுக்கு விலை இல்லை, பரிசோதனைக்கு வேண்டிய ரசாயனமான ரீஏஜென்ட் மட்டும் அவர்களிடமே வாங்க வேண்டும். அனெக்ஷரோடு சேர்த்து நாற்பது பக்கத்துக்கு மேல். ஃபைனான்ஸ் ஹெட் மேடம், 'எக்ஸிக்யூட்டிவ் சம்மரி எழுதிக் கொண்டு வாங்க, பத்து நிமிஷம்தான் இருக்கு' என்கிறார். சுருக்கினால் முக்கியமானது விட்டுப்போகிறது, விடாமல் எழுதினால் ஆறு பக்கம் வருகிறது. எப்படி எழுதுவது?"

பதில்:

ஆறு பக்கம் வருவதற்குக் காரணம், ஒப்பந்தம் போகிற வரிசையிலேயே நீங்களும் போவதுதான். முதல் பிரிவில் தொடங்கி ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு வரியாகக் குறைத்தால் குட்டி ஒப்பந்தம் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். மேடத்துக்குத் தேவையானது வேறு. இதில் எவ்வளவு பணம் கட்டுப்படுகிறது, நம் கணக்கு தப்பினால் எவ்வளவு போகும், வெளியே வர என்ன செலவு, எந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது, இன்று நான் என்ன சொல்ல வேண்டும்? இவற்றில் முதல் மூன்றுக்கான விடை ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்திலும் அப்படியே இருக்காது. ஒப்பந்தம் விதியைச் சொல்லும். அதில் நம் லேபின் எண்ணைப் போட்டுத் தொகையாக்குவது நம் வேலை. சம்மரி எழுதும் நேரத்தில் பெரும்பகுதி கால்குலேட்டரில்தான் போகும்.

பத்து நிமிடத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: படிக்க மூன்று நிமிடம், கேள்வி கேட்க ஏழு நிமிடம். மூன்று நிமிடத்தில் கவனமாகப் படிக்க முடிவது ஒரு பக்கம். ஆகவே ஒரே பக்கம், பின்னால் கணக்குத் தாள் ஒன்று. அதற்கு மேல் எதையும் இணைக்க வேண்டாம். ஒப்பந்தத்தின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

இதே வகை ஒப்பந்தம் ஒன்றை எண்களை மாற்றி எடுத்துக்கொண்டு போகிறேன். பயோகெமிஸ்ட்ரி அனலைசர். மெஷின் வெண்டருக்குச் சொந்தம். மாதம் குறைந்தது 3,00,000 ரூபாய்க்கு ரீஏஜென்ட் வாங்க வேண்டும், ஜிஎஸ்டி தனி. ஆண்டுக்கு ஒருமுறை விலை 6% ஏறும். வாங்கியது குறைந்தால் அந்தக் குறைவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில் வரும். முதல் 36 மாதம் லாக்-இன், அதற்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும். ஐந்து வருடம் முடிவதற்கு 180 நாள் முன்பு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்காவிட்டால், தானாகவே இன்னும் இரண்டு வருடம் நீளும்.

முதலில் மொத்தத் தொகை. "மாதம் 3 லட்சம், ஐந்து வருடம், ஆக 1.80 கோடி" என்று எழுதத்தான் கை போகும். அனெக்ஷரில் விலைப்பட்டியலுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: விலை ஏறும்போது குறைந்தபட்சத் தொகையும் அதே விகிதத்தில் திருத்தப்படும். அந்த வரியோடு கணக்குப் போட்டால் முதல் வருடம் 36 லட்சம், இரண்டாவது 38.16, மூன்றாவது 40.45, நான்காவது 42.88, ஐந்தாவது 45.45. கூட்டினால் 2.03 கோடி. 23 லட்சம் வித்தியாசம், ஒரே ஒரு வரியால். இப்படிப்பட்ட வரிகள் பெரும்பாலும் அனெக்ஷரில்தான் உட்கார்ந்திருக்கும். அதனால் நான் ஒப்பந்தத்தைப் பின்னாலிருந்து படிக்கத் தொடங்குவேன். வணிக விவரம் எல்லாம் அங்கே இருக்கிறது. முன்பக்கங்களில் இருப்பது எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவான வாசகம்.

இதன் மேல் ஜிஎஸ்டி. மருத்துவமனையின் சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், வாங்கும் பொருளுக்குக் கட்டும் வரியை நாம் திரும்ப எடுக்க முடியாது. அது செலவுதான். ரீஏஜென்டுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். ஆகவே 2.03 கோடியின் மேல் வரி சேர்ந்து 2.13 கோடி. மேடத்தின் பக்கத்தில் இந்த எண்தான் இருக்க வேண்டும். விலை "வரி தனி" என்று இருக்கிறதா, "வரி உட்பட" என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தனியாக இருந்தால் வரி குறையும்போது பலன் நேராக நமக்கு வரும். உட்பட என்றிருந்தால் ஒவ்வொரு முறையும் பேசித்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது, இந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடியான மாதம் 3 லட்சம். அவ்வளவுக்கு நம் லேபில் வேலை இருக்கிறதா? வாழைத் தோட்டத்தைப் பாட்டத்துக்கு எடுத்தவர், காற்றில் குலை சாய்ந்தாலும் பாட்டப் பணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். மினிமம் கமிட்மென்ட் என்பதும் அதேதான். பரிசோதனை வந்தாலும் வராவிட்டாலும் பணம் போகும்.

இதற்கு வெண்டர் தந்த ப்ரொபோசல் ஷீட்டை நம்பாதீர்கள். சேல்ஸ்காரர் லேபில் வந்து மொத்தம் எத்தனை டெஸ்ட் என்று கேட்டு எழுதிக்கொண்டு போயிருப்பார். அதில் செல் கவுண்டரில் ஓடும் சிபிசி-யும், வேறு மெஷினில் ஓடும் தைராய்டு டெஸ்டும் கலந்திருக்கும். அவை இந்த மெஷினில் ஓடாது. லேப் டெக்னீஷியனோடு உட்கார்ந்து, கடந்த 12 மாத டெஸ்ட் எண்ணிக்கையை இப்போதைய பயோகெமிஸ்ட்ரி மெஷினிலிருந்தே எடுங்கள். எத்தனை கிட் செலவாகிறது என்பதை ஸ்டோர் இஷ்யூ ரெஜிஸ்டரோடு ஒத்துப் பாருங்கள். பிறகு அதைப் புதிய வெண்டரின் விலையால் பெருக்குங்கள். பழைய வெண்டருக்குக் கட்டிய தொகையை அப்படியே எடுத்தால் விலை வேறு, கிட் அளவும் வேறு.

நம் உதாரணத்தில் அந்தக் கணக்கு மாதம் 2,40,000 என்று வருகிறது. மினிமத்தில் 80%. முதல் வருடமே மாதம் 60,000, அதாவது 7.20 லட்சம், எதுவும் வாங்காமல் கட்டும் பணம். "விலை ஏறினால் நம் பில்லும் ஏறும், மினிமத்தைத் தொட்டுவிடுவோம்" என்று யாராவது சொல்வார்கள். தொடாது. மினிமமும் அதே 6% ஏறுவதால் இடைவெளி அப்படியே இருக்கும். டெஸ்ட் எண்ணிக்கை 25% கூடினால்தான் மூடும். ஆண்டுக்கு 8% நோயாளிகள் கூடுகிறார்கள் என்று வைத்தால், முதல் வருடம் 7.20 லட்சம், இரண்டாவது 5.19, மூன்றாவது 2.71, நான்காவதில் சரியாகிவிடும். மொத்தம் சுமார் 15 லட்சம். எண்ணிக்கை கூடவே இல்லை என்றால் ஐந்து வருடத்தில் 40.6 லட்சம். இந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் இருக்கட்டும். ஒன்று நம் எதிர்பார்ப்பு, மற்றது கெட்டால் என்ன என்பது. நடுவில் மூன்றாவது நிலை ஒன்றும் வேண்டாம்.

"குறைவுக்கு ஒன்றும் பில் போடமாட்டோம், அது பேப்பரில் மட்டும்தான்" என்று சேல்ஸ்காரர் சொல்லியிருக்கலாம். அவர் நல்ல மனதோடும் சொல்லியிருக்கலாம். ஆனால் "இந்த ஆவணமே முழு ஒப்பந்தம், இதற்கு முன் பேசியது எதுவும் செல்லாது" என்ற பிரிவு இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும். மூன்றாவது வருடம் அவர் வேறு கம்பெனியில் இருப்பார். வாய்ச்சொல்லை சம்மரியில் எழுதுவதானால் "பேசினார்கள், எழுத்தில் இல்லை" என்றே எழுதுங்கள்.

ஒரு டெஸ்டுக்கு என்ன செலவு என்று மேடம் கட்டாயம் கேட்பார். விலைப்பட்டியலில் உள்ள எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். 100 டெஸ்ட் கிட் 4,000 ரூபாய் என்றால் டெஸ்டுக்கு 40 என்று பட்டியல் சொல்லும். லைபேஸ் மாதிரி அபூர்வமாகக் கேட்கும் டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டைத் திறந்து மெஷினில் ஏற்றினால் 30 நாள்தான் தாங்கும் என்று வைப்போம். மெஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்க தினமும் இரண்டு லெவல் கன்ட்ரோல் போட்டால் அதிலேயே 60 போய்விடும். மாதம் 35 நோயாளிக்குத்தான் அந்த டெஸ்ட் வந்தது, ஐந்து வீணாகிறது. 4,000 ரூபாயை 35 ரிப்போர்ட்தான் சுமக்கிறது, ஒன்றுக்கு 114 ரூபாய். சர்க்கரை, கிரியாட்டினின் மாதிரி தினமும் நூறு நூறாக ஓடும் டெஸ்டுகளில் இந்த வித்தியாசம் சொற்பம். ஆகவே எல்லா டெஸ்டுக்கும் இந்தக் கணக்கு வேண்டாம். அதிகம் ஓடும் ஒன்றுக்கும் குறைவாக ஓடும் ஒன்றுக்கும் போட்டுப் பின்தாளில் வையுங்கள். கன்ட்ரோலும் காலிபரேட்டரும் இலவசமா, தனிப் பில்லா என்பதை மட்டும் முன்பக்கத்தில் சொல்லுங்கள்.

மூன்றாவது, வெளியே வரும் விலை. "36 மாத லாக்-இன் உண்டு" என்று எழுதினால் மேடத்துக்கு எதுவும் தெரியாது. நம் உதாரணத்தில் லாக்-இன் காலத்தில் விலகினால், ஐந்து வருடத்தில் மீதமுள்ள மினிமத் தொகையில் பாதியைக் கொடுக்க வேண்டும். முதல் வருடக் கடைசியில் விலகினால் 83 லட்சம். இரண்டாவது வருடக் கடைசியில் 64 லட்சம். 36 மாதம் கழிந்தால் 90 நாள் நோட்டீஸ், தொகை இல்லை. இதை எழுதிக் காட்டும்போதுதான் ஒப்பந்தத்தின் உண்மை உருவம் தெரியும். பெயர் ஐந்து வருடம். நடைமுறையில் இது மூன்று வருட ஒப்பந்தம், அதற்குப் பின் கதவு திறந்திருக்கிறது. முடிவெடுப்பவருக்கு இந்த ஒரு வாக்கியம் பெரிய உதவி.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 74-ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தை மீறுவதற்கென்று எழுதிய தொகை ஓர் உச்சவரம்புதான். நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் கொடுக்கும். ஆனால் அந்த நம்பிக்கையை சம்மரியில் கழித்துக் காட்டாதீர்கள். வழக்குப் போட்டுக் குறைக்கப் போகும் தொகை பட்ஜெட்டில் வராது. அதோடு மத்தியஸ்தம் எந்த ஊரில் என்று பாருங்கள். மும்பை என்றிருந்தால், நாகர்கோவிலிலிருந்து வக்கீலை அனுப்பும் செலவே சில சின்னத் தகராறுகளை விட்டுவிட வைக்கும்.

வெண்டர் பக்கத் தவறுக்கு நாம் விலக முடியுமா என்பது தனிக் கேள்வி. பெரும்பாலும் "95% அப்டைம்" என்று கம்பீரமாக இருக்கும். 30 நாள் மாதத்தில் 5% என்றால் 36 மணி நேரம் மெஷின் நின்றாலும் அவர்கள் சரியாகவே இருக்கிறார்கள் என்று பொருள். ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் வராது, மின்சாரக் கோளாறால் நின்றதும் வராது என்று அடிக்குறிப்பு இருந்தால் 36 இன்னும் நீளும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. கரண்ட் போகிற நாள்களும் அதற்கேற்ப உண்டு. "24 மணி நேரத்தில் ரெஸ்பான்ஸ்" என்பதும் போனை எடுப்பதா, திருவனந்தபுரத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ இன்ஜினியர் வந்து மெஷினை ஓட வைப்பதா என்று பாருங்கள். முன்பக்கத்தில் இதற்கு ஒரு வரி போதும்: மாதம் இத்தனை மணி நேரம் வரை நின்றால் நமக்கு எதுவும் கிடைக்காது, அதற்கு மேல் கிடைப்பது இவ்வளவு.

ஒப்பந்தம் பேசாமல் விடுவதையும் தேடுங்கள். யுபிஎஸ், ஆர்ஓ தண்ணீர் பிளான்ட், ஏசி, லேப் சாஃப்ட்வேரோடு இணைக்கும் செலவு ஆகியவை யாருடையவை? ஒன்றும் சொல்லாவிட்டால் நம்முடையவை என்று வைத்துக்கொண்டு தொகை போடுங்கள்.

தேதி விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. நம் உதாரணத்தில் ஐந்து வருடம் கையெழுத்திட்ட நாளிலிருந்து அல்ல, மெஷின் பொருத்தி ஓடத் தொடங்கிய சான்றிதழின் தேதியிலிருந்து எண்ணப்படும். கையெழுத்து ஏப்ரலில், மெஷின் ஓடியது 2026 ஜூலை 1 என்றால், முடிவு 2031 ஜூன் 30. அதற்கு 180 நாள் முன்பு என்பது 2031 ஜனவரி 1. கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைக்கு நடுவே, இந்த மாவட்டத்தில் பாதி அலுவலகம் லீவில் இருக்கும் நேரம். அன்று நோட்டீஸ் அனுப்ப யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். "180 நாள் நோட்டீஸ்" என்று எழுதாமல், "நோட்டீஸ் 2030 டிசம்பர் முதல் வாரத்துக்குள் போக வேண்டும், தவறினால் இரண்டு வருடம் தானாக நீளும்" என்று எழுதுங்கள்.

இவ்வளவையும் பக்கத்தில் இறக்கினால் கிட்டத்தட்ட இப்படி வரும். ஆங்கிலத்தில் எழுதினாலும் வாக்கியங்களை இதே அளவில் வையுங்கள்.

> கேட்பது: மினிமத்தை மாதம் 2.40 லட்சமாகக் குறைத்து, குறைவுக் கணக்கை மூன்று மாதத்துக்குப் பதில் வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வெண்டர் சம்மதித்தால் கையெழுத்திட அனுமதி. சம்மதிக்காவிட்டால் இரண்டாவது வெண்டரின் விலைப்புள்ளியோடு மீண்டும் வருகிறோம்.
>
> கட்டுப்படும் பணம்: வரைவு இப்போது உள்ளபடி ஐந்து வருடத்தில் குறைந்தது 2.13 கோடி, ஜிஎஸ்டி உட்பட (அனெக்ஷர் 2). விலையும் மினிமமும் ஆண்டுக்கு 6% ஏறும். ரூபாய் மதிப்பு சரிந்தால் கூடுதல் உயர்வு கேட்கலாம், அதற்கு உச்சவரம்பு இல்லை (பிரிவு 7).
>
> நம் உபயோகம்: மாதம் 2.40 லட்சம், மினிமத்தில் 80%. டெஸ்ட் ஆண்டுக்கு 8% கூடினால் குறைவுக்குக் கட்டுவது சுமார் 15 லட்சம். கூடாவிட்டால் சுமார் 41 லட்சம். இரண்டும் வரி நீங்கலாக.
>
> விலகினால்: முதல் வருடக் கடைசியில் 83 லட்சம், இரண்டாவதில் 64 லட்சம், 36 மாதத்துக்குப் பின் ஒன்றுமில்லை, 90 நாள் நோட்டீஸ் (பிரிவு 14).
>
> மெஷின் நின்றால்: மாதம் 36 மணி நேரம் வரை நிவாரணம் இல்லை. அதற்கு மேல் ரீஏஜென்ட் கிரெடிட் மட்டும், விலகும் உரிமை இல்லை.
>
> தேதி: விலகல் நோட்டீஸ் 2030 டிசம்பர் முதல் வாரத்துக்குள்.
>
> எழுத்தில் இல்லாதது: குறைவுக்குப் பில் வராது என்ற உறுதி, யுபிஎஸ், ஆர்ஓ செலவு யாருடையது என்பது.

கேட்பது மேலே வந்ததைக் கவனியுங்கள். பலரும் அதைக் கடைசியில் வைத்து, மேலே வெண்டர் கம்பெனியின் பெருமையையும் மெஷின் ஒரு மணி நேரத்தில் எத்தனை டெஸ்ட் ஓட்டும் என்பதையும் எழுதுகிறார்கள். அது லேப் டாக்டர் ஏற்கெனவே பார்த்து ஒப்புக்கொண்ட விஷயம், மேடத்திடம் அதற்கு அனுமதி கேட்கவில்லை. என்ன முடிவு வேண்டும் என்று தெரிந்துகொண்டு படிப்பவர் ஒவ்வொரு எண்ணையும் அதோடு உரசிப் பார்ப்பார்.

வருடக் கணக்கு ஏன் என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்: காய்ச்சல் பரவும் மாதங்களில் டெஸ்ட் குவியும், வேறு மாதங்களில் லேப் காலியாக இருக்கும். மூன்று மாதக் கணக்கில் ஒரு காலாண்டில் கூடுதலாக வாங்கியது அடுத்த காலாண்டின் குறைவை ஈடுகட்டாது. வருடக் கணக்கில் ஈடுகட்டும். வெண்டருக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லாததால் சுலபமாகக் கிடைக்கும் சலுகை இது. மினிமத்தைக் குறைப்பதுதான் கடினம், ஏனென்றால் மெஷினின் விலையையே அதிலிருந்துதான் மீட்கிறார்கள். குறைக்க மறுத்தால், கட்டிய குறைவுத் தொகைக்கு அடுத்த வருடம் ரீஏஜென்டாக எடுத்துக்கொள்ளும் உரிமையைக் கேளுங்கள்.

சொற்களில் ஓரிடத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஒப்பந்தத்தில் "செய்யலாம்" என்று உள்ளதை நீங்கள் "செய்வார்கள்" என்று எழுதிவிடக் கூடாது. "மாற்று மெஷின் தர முயற்சி எடுக்கப்படும்" என்பதை "மாற்று மெஷின் தருவார்கள்" என்று சுருக்குவது அடிக்கடி நடக்கிறது, அது சம்மரியில் போய் பொய்யாகிவிடுகிறது. எழுதி முடித்ததும், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு உறுதிக்கும் பக்கத்தில் பிரிவு எண்ணைப் போட முடிகிறதா என்று பாருங்கள். போட முடியாத வரி நம் கணக்காக இருக்க வேண்டும், அப்படியானால் பின்தாளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது யாரோ சொன்னது.

பக்கத்தின் அடியில் எந்த வரைவைப் பார்த்து எழுதினீர்கள் என்பதைப் போடுங்கள்: ஃபைலின் பெயர், வந்த தேதி. பேச்சுவார்த்தைக்குப் பின் வெண்டர் அனுப்பும் புதிய வரைவில் முன்பக்கங்கள் அப்படியே இருக்கும், அனெக்ஷரில் ஓர் எண் மாறியிருக்கும். கையெழுத்துக்குப் போகும் பிரதியை, குறிப்பாக அந்த அனெக்ஷர் 2-ஐ, உங்கள் சம்மரியோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்துவிட்டு மேடத்திடம் கொடுங்கள்.